அக்குள் கட்டி: பிதுக்காமல் கீறி எடுத்த அனுபவம்

அக்குளில் கட்டி வந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் தினமும் மூன்று நான்கு முறை, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தேன். சின்னக் கட்டி பெரும்பாலும் இதிலேயே உடைந்து வடிந்துவிடும். எனக்கு வடியவில்லை. எலுமிச்சை அளவுக்கு வீங்கி, நடுவில் தொட்டால் மெத்தென்று அமுங்கியது, அதுதான் உள்ளே சீழ் திரண்டதற்கு அடையாளம்.

பிதுக்கிவிடலாம் என்றார் அம்மா, நான் விடவில்லை, அழுத்தினால் சீழ் ஆழத்துக்குப் பரவலாம். மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, சீழை வடித்துக் கழுவினார். சுற்றிலும் சுவர் எழுப்பி அடைபட்ட சீழுக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது, அதனால்தான் கீறல். வலி அன்றே நன்றாகக் குறைந்தது.

காய்ச்சல், பரவும் சிவப்பு, சர்க்கரை நோய், அப்புறம் முகத்திலோ ஆசனவாய் அருகிலோ கட்டி என்றால் ஒத்தடத்தோடு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.