காங்கிரீட் வீட்டுக்குள் வைஃபை அழைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960இல் கரோல் புயல் அடித்துப் போட்ட பிறகு மொரீஷியஸில் காங்கிரீட் கூரை வீடுகள் பெருகின. புயலைத் தாங்கும் அந்தக் காங்கிரீட்டும் உள்ளே ஓடும் கம்பியும்தான் மொபைல் சிக்னலை மறிக்கின்றன. அதனால் பலர் மொபைல் சிக்னலுக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகவே போன் பேசுகிறார்கள். ஆனால் வைஃபையும் அதே காங்கிரீட் தளத்தைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காத்ர் போர்ன் நகரில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் கீழே முன்னறையில், பேசுவது மேலே பின்னறையில். குரல் வெட்டி வெட்டி வருகிறது. உடனே வேகச் சோதனை ஓட்டி, 40 எம்பிபிஎஸ் வருகிறதே என்று குழம்புவதுதான் முதல் தவறு. ஒரு அழைப்புக்குப் போக 100, வர 100 கேபிபிஎஸ் இருந்தாலே தாராளம். பேச்சு பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக, நொடிக்கு 50 வீதம் போகிறது. அவை சீராக வந்து சேராவிட்டால்தான் குரல் உடையும். அதை வேகச் சோதனையின் எம்பிபிஎஸ் எண் காட்டாது.

முதலில் போனை விமான நிலையில் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்கி, Wi-Fi Calling வழியாகப் பேசிப் பாருங்கள். இப்போது தெளிவாகக் கேட்டால், போன் ஒற்றைக் கோடு மொபைல் சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். அமைப்பில் வைஃபைக்கு முன்னுரிமை தரும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் உடைந்தால், பேசும் இடத்திலேயே விண்டோஸ் மடிக்கணினியை வைத்து, கமாண்ட் ப்ராம்ப்டில் கீழே உள்ள இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள். முதல் எண் உங்கள் ரவுட்டரின் முகவரி; வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி.

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

ரவுட்டருக்கே 3, 4, 210, 5, 380 மில்லிசெகண்ட் என்று எகிறினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். ரவுட்டர் வரை சீராக இருந்து, இரண்டாவது மட்டும் எகிறினால் கோளாறு இணைய இணைப்பில்.

நம் வீட்டில் எகிறியது முதலாவது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: வைஃபை சிக்னலைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை வாங்கி, சிக்னல் இல்லாத அந்தப் பின்னறையிலேயே செருகுவது. போனில் கோடுகள் நிறைந்துவிடும், ஏனென்றால் ரிப்பீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த ரிப்பீட்டர் ரவுட்டரை அதே தளத்தின் வழியாகத்தானே கேட்கிறது? ஆகவே குரல் முன்போலவே உடையும். மாடிப்படி திரும்பும் இடத்தில், சிக்னல் அளக்கும் செயலி −65 டிபிஎம் அளவு காட்டும் இடத்தில் அதை வையுங்கள். −75 என்று காட்டினால் அந்த இடம் உதவாது. இதைவிட நல்லது, படியோரமாக ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, மேலே தனி அக்சஸ் பாயின்ட் வைப்பது. ஒரு நாள் வேலைதான். ரிப்பீட்டரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இதையே செய்யலாம்.

இரண்டாவது எகிறும் வீடுகளில் பெரும்பாலும் யாரோ ஒருவரின் போன் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் வழி நிரம்பி, குரல் துண்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கும். உங்களுக்கு எதிர்முனை நன்றாகக் கேட்கும், அவர்களுக்குத்தான் உங்கள் குரல் உடையும். படமேற்றத்தை நிறுத்திவிட்டு மீண்டும் பிங் ஓட்டுங்கள். எண்கள் இறங்கினால் காரணம் அதுதான். ரவுட்டரில் எதற்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று பிரித்துத் தரும் QoS வசதி இருந்தால், ஏற்றும் வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 சதவீதமாக வரையறுத்து வைத்தால், படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பேசலாம்.