எப்போதாவது விற்கும் உதிரிப் பாகத்துக்கு எவ்வளவு ஸ்டாக்?

எங்கள் பம்பு சர்வீஸ் கடையில் ஒரு அளவு மெக்கானிக்கல் சீல் எப்போதாவதுதான் விற்கும். போன வருடம் மார்ச்சில் 3, ஜூலையில் 2, அக்டோபரில் 4 போயின. மற்ற ஒன்பது மாதமும் ஒன்றுகூட இல்லை.

முதல் வேலை: பூஜ்ஜியங்களை எழுதுவது

நான் இடறியது இங்கேதான். பில்களிலிருந்து பிவட் டேபிள் போட்டேன். விற்ற மூன்று மாதங்கள் மட்டுமே வந்தன. சராசரி 3 என்று காட்டியது. சரக்கு வர இரண்டு மாதம் ஆகும் என்பதால் 6 வாங்கிவிட்டேன். உண்மையான சராசரி 9/12, அதாவது மாதத்துக்கு 0.75. அந்த 6 சீல் எட்டு மாதத்துக்கான சரக்கு!

அதனால் A பத்தியில் பன்னிரண்டு மாதங்களையும் கையால் எழுதுங்கள். பில் மாதம் F-இலும் எண்ணிக்கை G-இலும் இருந்தால், B2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=SUMIFS(G:G,F:F,A2)
```

நான் லிப்ரெஆபீஸ் கால்க்தான் பயன்படுத்துகிறேன். இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

நகரும் சராசரி

மூன்று மாதச் சராசரி இங்கே உதவாது. ஜூன் முடிவில் அது 0 காட்டும். ஜூலையில் இரண்டு பேர் கேட்டு வருவார்கள். 12 மாதம் எடுங்கள்.

எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங்

இந்த மாத விற்பனையில் ஒரு பங்கையும் பழைய கணிப்பில் மீதிப் பங்கையும் சேர்த்து அடுத்த மாதத்தைக் கணிக்கும் முறை இது. C பத்தியில் கணிப்புகள். C2-இல் தொடக்க மதிப்பாக 0.75 வைத்தேன். C3-இலிருந்து C14 வரை:

```
=0.2*B2+0.8*C2
```

C14-இல் அடுத்த ஜனவரிக்கு 0.78 வரும். அந்த 0.2-ஐ 0.5 ஆக்கினால் அக்டோபர் விற்பனை ஒன்றுக்கே நவம்பர் கணிப்பு 2.14-க்குத் தாவிவிடும். இந்த மாதிரிச் சரக்குக்கு 0.1 முதல் 0.2 வரை போதும்.

அப்படியும் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபருக்கு 0.51 என்றிருந்த கணிப்பு, 4 விற்றதும் நவம்பருக்கு 1.21 ஆகிறது. விற்ற கையோடு ஆர்டர் போடுவதுதானே நம் பழக்கம்? கணிப்பு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகவே கூடுதலாக வாங்கிவிடுவோம். 1972-இல் கிராஸ்டன் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டி, விற்கும் எண்ணிக்கையையும் விற்ற மாதங்களுக்கு இடையிலான இடைவெளியையும் தனித்தனியாக ஸ்மூதிங் செய்து, எண்ணிக்கையை இடைவெளியால் வகுக்கச் சொன்னார். விற்கும் மாதத்தில் மட்டுமே இரண்டும் மாறும்.

மார்ச்சில் எண்ணிக்கை 3-இல் தொடங்கி ஜூலையில் 2.8, அக்டோபரில் 3.04. இடைவெளி 3-இல் தொடங்கி 3.2, அப்புறம் 3.16. வகுத்தால் 0.96. இந்த முறை கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் 0.9-ஆல் பெருக்குகிறேன் (1-இலிருந்து 0.2-இன் பாதியைக் கழித்தது). 0.87 கிடைக்கும்.

பின்னர் சேர்த்தது: "அப்போ இரண்டு மாதத்துக்கு 2 சீல் போதுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. ஒரே மாதத்தில் 4 போயிருக்கிறதே! சராசரி, சரக்கு கரையும் வேகத்தைத்தான் சொல்லும். நான் 4 கையில் வைத்து, விற்றதை மட்டும் திரும்ப வாங்குகிறேன். இன்னொன்று, அந்த மாடல் பம்பே வழக்கொழிந்தாலும் கிராஸ்டன் கணிப்பு 0.87-இலேயே நிற்கும். ஒரு வருடம் விற்காத சீலை நாமே பார்த்து நிறுத்த வேண்டும்.