ஆன்டிபயாடிக் பேதிக்கு இன்னொரு ஆன்டிபயாடிக்கா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்கு ஒவ்வொரு முறை புது ஹவுஸ் சர்ஜன்கள் வரும்போதும் கேஸ் ஷீட்டில் அதே வரிகளைப் பார்க்கிறேன். அந்த வயதில் நாங்களும் எழுதிய வரிகள்தான். ஆன்டிபயாடிக் போட்டால் சிலருக்கு வயிறு கலங்கும், ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்யும் தவறுகள் வேறு.

பேதி நிற்க இன்னொரு ஆன்டிபயாடிக் போடுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

அறுபத்தேழு வயது அம்மா ஒருவர். சர்க்கரை உண்டு. 'கேஸ் டிரபிள்' என்று தினமும் பான்டோபிரசோல் போடுபவர். பல்லில் சீழ் வைத்ததால் ஒரு வாரம் கிளிண்டாமைசின் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் பேதி தொடங்கியது. மருந்துக் கடையில் சொன்னதும் ஓஃப்ளாக்சசின்–ஓர்னிடசோல் சேர்ந்த மாத்திரையும் லோபரமைடும் கிடைத்தன. கொஞ்சம் குறைந்தது, அப்புறம் காய்ச்சலோடு திரும்பியது. வேறொரு இடத்தில் காட்டியபோது செஃபிக்சிம் சேர்த்தார்கள். எங்களிடம் வந்தபோது வயிறு லேசாக உப்பி, தொட்டால் வலித்தது. ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. "மாத்திரை போட்டா ரெண்டு நாள் கேக்குது டாக்டர், அப்புறம் முன்ன விட ஜாஸ்தியா போகுது" என்றார் அவருடைய மகள். வெள்ளை அணுக்கள் 23,000. கிரியாட்டினின் 1.8. மலத்தில் சி டிஃப் நச்சு பாசிட்டிவ்.

சி டிஃப் என்று வார்டில் சொல்வது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவை. ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். ஆனால் ஸ்போர் வடிவில் கட்டிலிலும் கழிப்பறையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். அதை விழுங்குவது அபூர்வமல்ல. விழுங்கிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

காரணம் பித்தத்தில் இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களில் ஒன்றான டாரோகோலேட், சிறுகுடலில் ஸ்போரைத் தட்டி எழுப்புகிறது. முளைத்த கிருமி பெருங்குடலுக்கு வந்தால் அங்கே நிலைமை வேறு. க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் பித்த அமிலத்தை டிஆக்சிகோலேட்டாக மாற்றி வைத்திருக்கும். அது இருக்கும் இடத்தில் சி டிஃப் வளர முடியாது. போதாததற்கு, அது தின்ன வேண்டிய சர்க்கரைகளையும் அமினோ அமிலங்களையும் மற்ற பாக்டீரியாக்கள் ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும்.

கிளிண்டாமைசின் இந்தக் காவலைத்தான் துடைத்துவிடுகிறது. ஸ்போரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டாரோகோலேட் மாறாமல் அப்படியே பெருங்குடலுக்கு வருகிறது, தீனியும் மிஞ்சிக் கிடக்கிறது. முளைத்துப் பெருகிய கிருமி ஏ, பி என்று இரண்டு நச்சுகளை வெளிவிடுகிறது. குடல் செல்லின் உள்ளே சட்டம் போலத் தாங்கி நிற்கும் ஆக்டின் இழைகளைக் கட்டுப்படுத்தும் புரதங்களை அவை முடக்குகின்றன. செல் சுருங்கி உருண்டையாகிறது, பக்கத்துச் செல்லோடு இருந்த இணைப்பு விடுகிறது, நீரும் வெள்ளை அணுக்களும் கொட்டுகின்றன. முற்றினால் குடல் சுவரில் மஞ்சள் திட்டுகளாகப் படலம் படியும்.

இப்போது அந்த அம்மாவுக்கு நடந்ததைப் பாருங்கள். ஓர்னிடசோல் மெட்ரோனிடசோலின் குடும்பம். இந்தக் கிருமியை ஓரளவு அடிக்கும். லோபரமைடு குடலின் அசைவைக் கட்டிப்போடும். ஆகவே இரண்டு நாள் கேட்டது போலிருந்தது. அதே நேரத்தில் ஓஃப்ளாக்சசினும், பின்னால் வந்த செஃபிக்சிமும், மீண்டு வரப் பார்த்த நல்ல பாக்டீரியாக்களை மறுபடி அழித்தன. கிளிண்டாமைசினைப் போலவே இந்த இரண்டு வகை மருந்துகளும் சி டிஃப் வரவழைப்பதில் பேர்போனவை. அசையாத குடலில் நச்சு தேங்கியது. முதல் பேதியன்றே யாராவது "போன மாதம் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்தக் கேள்வியை மூன்று மாதம் பின்னோக்கிக் கேட்க வேண்டும். கோர்ஸ் முடிந்து வாரங்கள் கழித்தும் இது வரும்.

செஃபிக்சிமையும் லோபரமைடையும் நிறுத்தினோம். உண்மையில் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பான்டோபிரசோலையும் நிறுத்தினோம். வான்கோமைசின் 125 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வாய் வழியாக, பத்து நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

வான்கோமைசினை நரம்பில் ஏற்றுவது

நரம்பில் ஏற்றினால் மருந்து சிறுநீரில் போய்விடும், பெருங்குடலுக்குள் வராது. வாயால் கொடுத்தால் உறிஞ்சப்படாமல் நேராகக் கிருமி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். கேப்சூல் கிடைக்காவிட்டால் ஊசி மருந்துப் பொடியையே தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கலாம். 'ஊசிதான் பலமானது' என்ற எண்ணம் நோயாளிக்கு இருந்தால் எடுத்துச் சொல்லலாம். நமக்கே இருக்கக் கூடாது.

எல்லா ஆன்டிபயாடிக் பேதியும் சி டிஃப் என்று பயப்படுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. பெரும்பாலான ஆன்டிபயாடிக் பேதியில் சி டிஃப் இருக்காது. நாம் செரிக்காமல் விடும் மாவுச்சத்தையும் நாரையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றைக் குடல் உறிஞ்சும்போது கூடவே உப்பும் நீரும் உடலுக்குள் இழுக்கப்படுகின்றன. பாக்டீரியா குறைந்தால் அந்த மாவுச்சத்து அப்படியே நின்று நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எரித்ரோமைசினும் கிளாவுலனேட்டும் பாக்டீரியாவைத் தொடாமலேயே குடலை வேகமாக ஓட்டக்கூடியவை. இவற்றில் காய்ச்சல் இருக்காது, வெள்ளை அணு ஏறாது, மாத்திரையை நிறுத்தினால் ஓரிரு நாளில் சரியாகும். இதற்கு வான்கோமைசின் எழுதினால் நாமே இல்லாத நோய்க்கு இடம் பண்ணிக் கொடுக்கிறோம்.

கெட்டியான மலத்தை டெஸ்டுக்கு அனுப்புவது

வேண்டாம். ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ இளகிப் போனால் மட்டும், அதுவும் மலமிளக்கி எதுவும் கொடுக்காதபோது. நோயில்லாமலே கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு. மரபணுவை மட்டும் தேடும் பி.சி.ஆர். அவர்களையும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது மிக சகஜம்.

சானிடைசரை நம்புவது

ஸ்போர் ஆல்கஹாலில் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். தரைக்கும் கழிப்பறைக்கும் பிளீச்.

குணமானபின் 'நெகட்டிவ் ஆச்சா' என்று பார்ப்பது

பேதி நின்ற பிறகும் ஸ்போர் வாரக்கணக்கில் வெளியேறும். அந்தப் பாசிட்டிவைப் பார்த்து மறுபடி மருந்து கொடுத்தால் குடலில் முளைக்கத் தொடங்கிய நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து இழக்கிறோம்.

பார்க்க வேண்டியது பேதி திரும்புகிறதா என்பதைத்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பும், ஏனென்றால் வான்கோமைசினும் ஆன்டிபயாடிக்தான். அதுவும் ஸ்போரைக் கொல்லாது. அந்த அம்மாவுக்கும் மருந்து முடிந்த மூன்றாம் வாரம் திரும்பியது. இந்தத் தடவை பத்து நாள் முழு அளவு கொடுத்தபின், நாளைக்கு இரண்டு, நாளைக்கு ஒன்று, பிறகு மூன்று நாளைக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் இறக்கிக்கொண்டு வந்தோம். இடைவெளி விடும் நாட்களில் நல்ல பாக்டீரியாக்களுக்குக் கொஞ்சம் தலைதூக்க நேரம் கிடைக்கும். அப்படியும் மறுபடி மறுபடி வருபவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மல பாக்டீரியாக்களைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது; 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அது வான்கோமைசினைவிட மிகத் தெளிவாக நன்றாக வேலை செய்தது. அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் சி டிஃப் வந்ததையும் கிளிண்டாமைசினையும் பெரிய எழுத்தில் எழுதி, அடுத்த தடவை பல் டாக்டரிடம் போகும்போது முதலில் அந்தத் தாளைக் காட்டச் சொல்லி அனுப்பினோம்.