ஒரு இலை எவ்வளவு என்று கேட்டால்: கேட்டரிங் கொட்டேஷன் எழுதும் முறை

"மே 3, ஞாயிறு மதியம், ராயபுரத்தில் புதுநன்மை விருந்து. 150 பேர். மட்டன் பிரியாணி, சிக்கன் 65, வஞ்சிரம் வறுவல். இலை எவ்வளவு வரும்?" மார்ச் கடைசியில் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விசாரணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒரு தொகையை அடித்து அனுப்பாதீர்கள். முதலில் சொன்ன தொகைதான் அவர்கள் மனதில் நிற்கும். பிறகு எதைச் சேர்த்தாலும் ஏற்றிச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் நாலு கேள்வி

மண்டபமா, வீட்டு மாடியா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? தெருவுக்குள் டாடா ஏஸ் போகுமா? பந்தி எத்தனை மணிக்கு? ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் வண்டி முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தேக்சாவைத் தூக்க இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும். அந்தக் கூலி கொட்டேஷனில் இல்லையென்றால் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

அடக்க விலை

பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி, 8 பேர். 150 பேருக்கு 19 கிலோ அரிசி, 19 கிலோ கறி. மீனைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற ஐட்டங்களைப் போட்டுப் பாருங்கள். பிரியாணி, 65, கத்திரிக்காய், தயிர் வெங்காயம், பிரெட் அல்வா எல்லாம் சேர்த்துப் பொருள் செலவு 36,000 ரூபாய் என்று வைப்போம். மாஸ்டர், கையாள், பரிமாறும் பையன்கள், எரிபொருள், வண்டி, இலை, தண்ணீர் பாட்டில் 19,000. மொத்தம் 55,000. அதன்மேல் 20 சதவீதம் வைத்தால் 66,000, அதாவது இலைக்கு 440. (தொகைகள் உதாரணத்துக்கு; உங்கள் கடை ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தலை குறைந்தால் பொருள் செலவு குறையும். மாஸ்டர் கூலியும் வண்டி வாடகையும் குறையாது. அதே விருந்து 100 பேராகச் சுருங்கினால் பொருள் 24,000, மற்றது 17,500, ஆக இலைக்கு அடக்கமே 415. 440-க்கு ஒத்துக்கொண்டிருந்தால் கையில் நிற்பது 2,500 ரூபாய். அதனால் ரேட்டின் பக்கத்திலேயே "குறைந்தது 140 இலை" என்று எழுதுங்கள். வருவது 120 பேரானாலும் 140-க்கு பில்.

மீனைத் தனி வரியில் எழுதுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். கிடைக்கும் வஞ்சிரம் நாட்டுப் படகில் வந்ததாகவோ, வெளியூர் ஐஸ் மீனாகவோ இருக்கும். மே 3 இந்தத் தடைக்காலத்துக்குள் வருகிறது. மார்ச் ரேட்டை வைத்து வறுவலை 440-க்குள் அடக்கினால் என்ன ஆகும்? 80 கிராம் துண்டு 150 வேண்டுமானால் 12 கிலோ துண்டு. தலை, வால், கழிவு போக முழு மீனாக 16 கிலோ வரை வாங்க வேண்டியிருக்கும். கிலோவுக்கு 400 ரூபாய் ஏறினால் 6,400 ரூபாய் கூடுதல். மொத்த லாபமே 11,000 தான்.

"வறுவல் விலை ஏப்ரல் 30 அன்று சொல்லப்படும், வேண்டாம் என்றால் அன்றே சொல்லலாம்" என்று எழுதினால் இரண்டு தரப்புக்கும் நியாயம்.

செல்லுபடி தேதி

பலரும் சறுக்கும் இடம் இதுதான். "7 நாள் செல்லும்" என்று எழுதுகிறார்கள். எந்த நாளிலிருந்து ஏழு? நீங்கள் அனுப்பிய நாளா, மச்சான் வந்து படித்த நாளா? தேதி, கிழமை, நேரம் மூன்றையும் போடுங்கள்: "04-04-2026 சனி இரவு 8 மணி வரை."

அடுத்து, அந்த நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். "ஓகே அண்ணா" என்ற மெசேஜ் உறுதி ஆகாது; அட்வான்ஸ் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வாரம் கழித்து வந்து, "அன்னிக்கே ஓகே சொன்னேனே" என்பார்கள். கறி விலை ஏறியிருக்கும். அதை அப்போது சொன்னால் சண்டைதான்.

ரேட் செல்லுபடியாவது வேறு, தேதி உங்களிடம் பிடித்து வைக்கப்படுவது வேறு. ஏப்ரல் 2-ஆம் தேதி இன்னொருவர் மே 3-க்கு அட்வான்ஸ் போட்டால் நீங்கள் யாருக்குப் போவீர்கள்? "அட்வான்ஸ் முதலில் தருபவருக்கே தேதி" என்ற ஒரு வரி இதைத் தீர்க்கும். மெனுவோ எண்ணிக்கையோ மாறினால் புதுக் கொட்டேஷன் போட்டு, "முன்பு அனுப்பியது ரத்து" என்று அதன் தலையிலேயே எழுதுங்கள்.

அனுப்ப வேண்டிய வாசகம்

> கொட்டேஷன் 1, 28-03-2026
> விருந்து: 03-05-2026 ஞாயிறு, பகல் 12.30, ராயபுரம், முதல் மாடி
> இலைக்கு ரூ. 440, 150 இலை, மொத்தம் ரூ. 66,000. குறைந்தது 140 இலைக்கு பில்
>
> சேர்ந்தது: மட்டன் பிரியாணி, சிக்கன் 65 (ஆளுக்கு 100 கிராம் கறி), கத்திரிக்காய், தயிர் வெங்காயம், பிரெட் அல்வா, வாழை இலை, 300 மில்லி தண்ணீர் பாட்டில் ஒன்று, பரிமாற 5 பேர், வண்டி, மாடிக்கு ஏற்றும் கூலி
>
> சேராதது: வஞ்சிரம் வறுவல் (விலை ஏப்ரல் 30 அன்று), மேஜை நாற்காலி, மண்டபத்தின் சமையலறை வாடகை, கரண்ட், கை கழுவத் தண்ணீர், எச்சில் இலை அகற்றுவது, மிச்சம் கட்டும் டப்பா
>
> கூடுதல் இலை: 10 வரை இதே ரேட். அதற்கு மேல் மே 1 இரவுக்குள் சொல்ல வேண்டும்
> இந்த ரேட் 04-04-2026 சனி இரவு 8 மணிக்குள் ரூ. 20,000 அட்வான்ஸ் வந்தால் மட்டும். அதுவரை தேதி பிடிக்கப்படவில்லை. அட்வான்ஸ் முதலில் தருபவருக்கே தேதி

சேராதது பட்டியலில் எச்சில் இலையை விடாதீர்கள். பந்தி முடிந்ததும் மண்டபத்துக்காரர் உங்கள் பையன்களைத்தான் கூப்பிடுவார்.

வாய்ஸ் நோட்டில் ரேட் சொல்வது வேண்டவே வேண்டாம். விசாரிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வீட்டிலுள்ள இன்னொருவர்; அவருக்கு ஃபார்வர்ட் ஆக வேண்டியது எழுத்து. எக்செல்லில் அழகான ஷீட் போட்டாலும் போனில் பாதிதான் தெரியும். மேலே உள்ளது போல மெசேஜாகவே அடித்து அனுப்புவதுதான் எங்கள் விருப்பம். அட்வான்ஸ் வந்தபின் லெட்டர்ஹெட்டில் அதையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 440-க்குள் வரி அடங்குமா, தனியா என்று எழுதுங்கள். 5 சதவீதம் என்றால் இந்த பில்லில் 3,300 ரூபாய். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது.

இலையை எண்ணுவது

160 இலை கொண்டு போங்கள். பந்தி முடிந்ததும் மிச்ச இலையை அவர்கள் வீட்டு ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 4 மிஞ்சினால் போட்டது 156. யாரும் தலையை எண்ணி வாதாட வேண்டியதில்லை. குழந்தைக்குப் பாதி இலை என்றால் அதையும் முன்பே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: "மீன் நாங்களே தர்றோம்" என்றால்

ராயபுரம், காசிமேடு பக்கம் இது அடிக்கடி வருகிறது. சொந்தத்தில் யாராவது படகுக்காரர் இருப்பார். தாராளமாக ஒத்துக்கொள்ளலாம், வறுத்துத் தரும் கூலியை மட்டும் துண்டுக்கு இவ்வளவு என்று போட்டு. கூடவே இதையும் எழுதுங்கள்: "மீன் துண்டு போட்டு, கழுவி, ஐஸில் வைத்துக் காலை 7 மணிக்குள் எங்கள் சமையல் இடத்துக்கு வர வேண்டும். கெட்டிருந்தால் வறுக்க மாட்டோம்." முழு மீனாக 10 மணிக்கு வந்து இறங்கினால் வெட்ட ஆளும் இருக்காது, மசாலா ஊற நேரமும் இருக்காது, 12.30 பந்திக்கு வறுவல் போகாது.