மாவுக்கட்டுக் குறிப்பைத் திட்டமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

எலும்பு முறிவு கிளினிக்கில் டாக்டர் எழுதும் குறிப்பு அடுத்த டாக்டர் படிப்பதற்கானது. அதையே நோயாளி வீட்டில் வைத்துப் பார்க்கும் திட்டமாகச் சுருக்கும்போது, குறிப்பில் இல்லாத உறுதியை நாமே சேர்த்துவிடுகிறோம். மார்ச் 10, செவ்வாய்க்கிழமை எழுதியதாக ஒரு மாதிரிக் குறிப்பு:

```
L ankle #, Weber B. DOI 3/3
Slab off, BK POP today. NWB
RV 1/52, XR in POP
6/52 from DOI: POP off, XR, ?PWB in boot
```

இடது கணுக்காலின் வெளிப்புற எலும்பு, மூட்டின் மட்டத்தில் முறிந்திருக்கிறது. முதலில் போட்டிருந்த ஸ்லாப் என்ற பாதிக் கட்டைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே முழு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். `/52` என்றால் வாரம், `/12` என்றால் மாதம், `/7` என்றால் நாள். இது தெரிந்தவர்களும் அடுத்த இடத்தில் வழுக்குவார்கள். ஆறு வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? `DOI` என்பது அடிபட்ட தேதி. மார்ச் 3-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 14. கிளினிக்குக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 21 ஆகிவிடும், கட்டு ஒரு வாரம் கூடுதலாகக் காலில் கிடக்கும். ஆனால் `RV 1/52` என்ற மறுவருகை, குறிப்பு எழுதிய நாளிலிருந்து ஒரு வாரம், அதாவது மார்ச் 17. ஒரே குறிப்பில் இரண்டு தொடக்க நாட்கள் இருக்கின்றன. அதனால் திட்டத்தில் "6 வாரம் கழித்து" என்று விடாமல் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள் என்பதையும் ஓரமாகக் குறித்துவிடுங்கள்.

மார்ச் 17 வருகையை, "சும்மா ஒரு செக்கப்" என்பதுபோல் மென்மையாக எழுதுவது எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான சுருக்கம். கட்டுக்குள் எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று எக்ஸ்ரே. நகர்ந்திருந்தால், எலும்பு ஒட்டத் தொடங்குமுன் சரிசெய்வது சுலபம். வாரங்கள் தள்ளிப்போனால் அதே வேலை கடினம். "வலி இல்லையே, அடுத்த மாதம் போய்க்கலாம்" என்று நோயாளி நினைக்காதபடி காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். `in POP` என்பதையும் விட்டுவிடாதீர்கள்: அந்த எக்ஸ்ரே கட்டோடு எடுப்பது, ஏப்ரல் 14 எக்ஸ்ரே கட்டை எடுத்தபின் எடுப்பது. மாற்றி எழுதினால் கட்டை அவசரப்பட்டு வெட்டிவிடக்கூடும்.

அடுத்தது, `?PWB` முன்னால் இருக்கும் அந்தக் கேள்விக்குறி. அன்றைய எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ் போட்டுப் பாதிப் பாரம் ஊன்றலாமா என்று முடிவு செய்வார்கள் என்பது அதன் பொருள். "ஏப்ரல் 14 முதல் பாதிப் பாரம் ஊன்றலாம்" என்று எழுதினால், வருகை தள்ளிப்போன நோயாளி வீட்டிலேயே ஊன்றத் தொடங்கிவிடுவார். "டாக்டர் சொல்லும்வரை ஊன்றக் கூடாது" என்று எழுதுவதே சரி.

`NWB`-யை நான் ஒருகாலத்தில் "அதிகம் நடக்க வேண்டாம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவர் அப்படியே கடைப்பிடித்தார். நடந்தது குறைவுதான், ஆனால் நடந்தபோதெல்லாம் அந்தக் காலை ஊன்றித்தான் நடந்தார். இப்போது, "இடது காலில் துளிகூடப் பாரம் போடக் கூடாது, கழிவறைக்கு இரண்டு எட்டு வைப்பதானாலும் ஊன்றுகோல் வேண்டும்" என்றே எழுதுகிறேன். நடப்பதைத் தடுப்பது நோக்கமல்ல, காலில் பாரம் ஏறக் கூடாது என்பதுதான்.

கட்டுப் பராமரிப்பு குறிப்பில் பெரும்பாலும் இருக்காது, அச்சிட்ட தாளிலிருந்து எடுத்து ஒட்டுவோம். அதற்குமுன் கட்டு எந்தப் பொருள் என்று பாருங்கள். மாவுக்கட்டு முழுதாகக் காய இரண்டு நாளாவது ஆகும். அதுவரை தலையணைமேல் வைக்க வேண்டும், விரல் நுனியால் அழுத்தினால் பள்ளம் விழுந்து தோலைக் குத்தும். நனைந்தால் மாவு இளகும். ஃபைபர் கட்டு இளகாது, ஆனால் உள்ளே இருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். எதுவானாலும் நனைந்தால் வருகை நாள்வரை காத்திருக்கக் கூடாது. அரிப்புக்குக் குச்சி விடக் கூடாது.

அபாய அறிகுறிகளை வருகைத் தேதிக்குக் கீழே ஒளித்துவைக்காமல் திட்டத்தின் மேலேயே வையுங்கள். மாத்திரைக்கு அடங்காமல் கூடும் வலி, விரலை நீட்டினால் உயிர்போகிற வலி, மரத்துப்போதல், விரல் நீலமாவது அல்லது வெளிறுவது, கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காலை ஊன்றாமல் கட்டோடு இருப்பவருக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். மேலே உள்ள குறிப்பில் அதற்கு மருந்து உண்டா இல்லையா என்று ஒன்றுமே இல்லை. "தேவையில்லை" என்று நாமே முடிவெடுக்காமல், அந்த இடத்தைக் காலியாக விட்டு, நோயாளி கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டு நிரப்புங்கள்.