கார் வாங்கும் முன் ஒரு மாதக் கணக்கு

சென்னையில் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? பெட்ரோலை விடுங்கள், சும்மா நின்றாலே என்ன செலவு என்று பாருங்கள். 8 லட்சத்துக்கு வாங்கி, 8 வருடம் கழித்து 3 லட்சத்துக்கு விற்றால் மாதம் 5,200 ரூபாய் கரைகிறது. இன்சூரன்ஸ் 1,500, சர்வீஸ் 1,000, பார்க்கிங் வாடகை 2,000 என்று வைத்தால் மொத்தம் 9,700. கடன் வட்டி தனி.

ஒரு தடவை கால் டாக்ஸிக்கு 350 ரூபாய் ஆகிறது, அதே தூரத்துக்குச் சொந்தக் காரில் பெட்ரோல் 80 என்றால், வித்தியாசம் 270. 9,700-ஐ அதால் வகுத்தால் 36. போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணி, மாதம் 36 தடவைக்கு மேல் டாக்ஸி பிடிப்பவருக்குத்தான் கார் கட்டுப்படியாகும். மெட்ரோவில் போகிற ஆபீஸ் நாட்களை இதில் சேர்க்காதீர்கள். கார் வந்தாலும் பலர் மெட்ரோவில்தான் போவார்கள். ஊருக்குப் போகிற நாட்களுக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் அடிக்கடி ஆஸ்பத்திரி போகிற பெரியவர் இருந்தால், சரி, இந்தக் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.