ஐம்பதைத் தாண்டிய கணக்காளர் வேலைக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

நண்பர் ஒருவர் தன் விண்ணப்ப மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். வயது 54. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் கணக்காளராக இருந்தவர். நிறுவனம் கைமாறியதும் வேலை போய்விட்டது. அவருடைய முதல் வரி இது:

> எனக்கு வயது 54 ஆனாலும் இளைஞர்களுக்கு இணையாக உழைப்பேன். 28 ஆண்டு அனுபவம் உண்டு.

யாரும் கேட்காத சந்தேகத்தை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். 28 ஆண்டு என்றதும் படிப்பவருக்கு வாட் காலத்துக் கணக்குதான் நினைவுக்கு வரும். அந்தக் கடிதத்தை நாங்கள் மாற்றி எழுதிய வரிசையை இங்கே தருகிறேன்.

படி 1: விளம்பரத்தில் கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்

அவர் பார்த்த விளம்பரம் கேட்டவை: டேலி பிரைம், ஜிஎஸ்டி தாக்கல், மின் விலைப்பட்டியல். இந்த மூன்று சொற்களும் அதே வடிவில் மின்னஞ்சலில் வர வேண்டும். “கணினி அறிவு உண்டு” என்று எழுதினால் பயனில்லை.

படி 2: கடைசி இரண்டு ஆண்டு வேலையை மட்டும் தாளில் எழுதுங்கள்

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும். நண்பர் முதலில் “எல்லாக் கணக்கும் பார்த்தேன்” என்றார். ஒரு மாதத்தை நாள் நாளாகச் சொல்லச் சொன்னேன். 14ஆம் தேதி இணையதளத்தில், விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் கொள்முதல் பதிவோடு ஒப்பிடுவார். பட்டியலில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதால், அதை விற்றவரை அன்றே தொலைபேசியில் அழைப்பார். 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலை முடிப்பார். மாதத்துக்குச் சுமார் 300 பில்கள். இத்தனை விவரமும் அவர் தலைக்குள் இருந்தது. கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை!

படி 3: நீங்கள் பழகிக்கொண்ட ஒரு மாற்றத்தைத் தேதியோடு சொல்லுங்கள்

“புதியவற்றை விரைவில் கற்பேன்” என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். கற்றதைக் காட்ட ஒரே ஒரு நிகழ்வு போதும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயமானது. அந்த வேலையை நண்பர்தான் தொடங்கி வைத்தார். தவறான பட்டியலை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும், அதற்குப் பிறகு கிரெடிட் நோட்டுதான் வழி என்பதை விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். வயதில் சிறியவர்களோடு ஒத்துப்போவாரா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

படி 4: சேர்த்து எழுதுங்கள்

> பொருள்: கணக்காளர் பணி – டேலி பிரைம், ஜிஎஸ்டி, மின் விலைப்பட்டியல்
>
> வணக்கம். தங்கள் கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கடைசியாகப் பணியாற்றிய இடத்தில் டேலி பிரைமில் மாதம் சுமார் 300 கொள்முதல் பில்களைப் பதிவு செய்து, 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, 3பி தாக்கல் செய்துவந்தேன்.
>
> 2023 ஆகஸ்டில் மின் விலைப்பட்டியல் முறையை அங்கே தொடங்கி, விற்பனைப் பிரிவினர் நால்வருக்கும் பயிற்சி அளித்தேன்.
>
> தாங்கள் குறிப்பிட்டுள்ள சம்பள வரம்பு எனக்கு ஏற்புடையது. தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்.

வயது இல்லை, மொத்த அனுபவ ஆண்டும் இல்லை. அனுபவம் மிகுந்தவர் அதிகச் சம்பளம் கேட்பார் என்ற தயக்கத்தைச் சம்பள வரி தீர்த்துவிடும். ஆனால் உண்மையாகவே ஒப்புக்கொண்டால் மட்டும் அதை எழுதுங்கள். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் அனுப்புங்கள்.

படி 5: அனுப்பும் முன்

மின்னஞ்சல் முகவரியில் பிறந்த ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நண்பருடையதில் 1970 இருந்தது! பெயரை மட்டும் வைத்து வேறு முகவரி தொடங்கினோம். தன்விவரக் குறிப்பை பிடிஎஃப் கோப்பாக, உங்கள் பெயரிட்டு இணையுங்கள். அதில் கடைசி வேலை முதலில் வரட்டும். 2010க்கு முந்தைய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

விளம்பரத்திலேயே “40 வயதுக்குள்” என்று போட்டிருந்தால் இந்தக் கடிதம் அதை மாற்றாது. அடுத்த விளம்பரத்துக்கு நேரத்தைச் செலவிடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதி கேட்டால் சரியாகவே நிரப்புங்கள். பணியில் சேரும் நாளில் எப்படியும் ஆதார் நகல் கொடுக்க வேண்டியிருக்கும். தொலைபேசியில் வயதைக் கேட்டால் “54” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அவர்கள் மாதத்துக்கு எத்தனை மின் விலைப்பட்டியல் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.